மூன்று துளை போதும், முக்கோணம் சரியாக இருந்தால்

மண்ணுக்கடியில் ஒரு நிலக்கரி அடுக்கு இருக்கிறது. அது எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்து கிடக்கிறது என்று தெரிய வேண்டும். பாறை வெளியே எங்காவது தலைகாட்டினால் கிளைனோமீட்டரை அதன் மேல் வைத்து ஐந்து நிமிடத்தில் அளந்துவிடலாம். இங்கே அந்த வசதி இல்லை. மேலே முழுக்க மண் மூடியிருக்கிறது. கையில் இருப்பது மூன்று ஆழ்துளைகளின் பதிவேடு மட்டும்.

நிலவியல் படிக்கும் எல்லோரும் இரண்டாம் ஆண்டிலேயே போட்டுப் பார்க்கும் கணக்குதான் இது. மூன்று புள்ளி தெரிந்தால் ஒரு தளம் கிடைத்துவிடும், தளம் கிடைத்தால் டிப்பும் ஸ்ட்ரைக்கும் கிடைத்துவிடும். அதோடு பாடம் முடிந்துவிடுகிறது. வந்த விடையை எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்பதை வகுப்பில் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் இந்தக் கணக்கின் சுவையான பகுதி. அங்கே போகுமுன் கணக்கை ஒருமுறை ஒழுங்காகப் போட்டுவிடுவோம்.

அடுக்கு கிடைமட்டத்திலிருந்து எத்தனை டிகிரி கீழே இறங்குகிறது என்பது டிப். அடுக்கின் பரப்பில் ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் ஒரு கோடு போட்டால், அந்தக் கோடு ஓடும் திசை ஸ்ட்ரைக். அடுக்கு இறங்கும் திசை எப்போதும் ஸ்ட்ரைக்குக்குச் செங்குத்தாக இருக்கும். ஆக மொத்தம் நமக்கு வேண்டியது இரண்டு எண்கள்: இறங்கும் கோணம் ஒன்று, இறங்கும் திசை ஒன்று. திசையை வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் டிகிரியாகச் சொல்வது வழக்கம்.

கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட துளைகள் இவை. எல்லா அளவும் மீட்டரில். கிழக்கு, வடக்கு இரண்டும் அ துளையிலிருந்து அளந்தவை. துளைவாய் என்பது துளை தொடங்கும் இடத்துக்குக் கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரம். ஆழம் என்பது துளைவாயிலிருந்து நிலக்கரியின் மேல்விளிம்பு வரை.

```
துளை   கிழக்கு   வடக்கு   துளைவாய்   ஆழம்
அ          0         0        212        62
ஆ        400       100        198       104
இ        150       350        231       127
```

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் கண் முதலில் ஆழம் என்ற நிரலுக்குத்தான் போகும். இ துளையில் 127 மீட்டர் தோண்டிய பிறகுதான் நிலக்கரி வந்திருக்கிறது, அதனால் அடுக்கு இ பக்கம்தான் அதிகம் இறங்கியிருக்கிறது என்று மனம் முடிவுகட்டிவிடும். அது தவறு. இ துளை ஒரு மேட்டின் மேல் போடப்பட்டது. மேட்டின் உயரத்தையும் சேர்த்துத் தோண்டியதால்தான் ஆழம் கூடியிருக்கிறது. துளைவாய் உயரத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால் வருவதுதான் அடுக்கின் உயரம்: அ-வில் 150, ஆ-வில் 94, இ-யில் 104. உண்மையில் அடுக்கு தாழ்ந்து கிடப்பது ஆ-வில்.

கழிக்க மறந்து ஆழத்தையே நேராகக் கணக்கில் போட்டால் என்ன ஆகும்? போட்டுப் பார்த்தேன். டிப் 9.7 டிகிரி, இறங்கும் திசை 23 டிகிரி என்று வருகிறது. சரியான விடை 8.2 டிகிரி, 56 டிகிரி. கோணம் ஒன்றரை டிகிரிதான் தள்ளியிருக்கிறது, யாருக்கும் சந்தேகம் வராது. திசையோ 33 டிகிரிக்கு மேல் திரும்பிப் போயிருக்கிறது. அடுத்த துளையை அந்தத் திசையை நம்பிப் போட்டால், எதிர்பார்த்த ஆழத்தில் நிலக்கரி வராது. தப்பான விடை பார்ப்பதற்கு அபத்தமாக இருந்தால் பிடித்துவிடலாம். இப்படி நம்பும்படியாக வந்து நிற்பதுதான் தொல்லை.

இனி விடைக்கு வருவோம். முதலில் தாளில் வரைந்து பார்ப்பதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். மூன்று துளைகளையும் அளவுப்படி வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். உயரமான அ-வையும் தாழ்வான ஆ-வையும் ஒரு கோட்டால் சேர்க்க வேண்டும். அந்தக் கோட்டின் வழியே போனால் அடுக்கு 150-லிருந்து 94-க்கு, அதாவது 56 மீட்டர் இறங்குகிறது. நடுவில் நிற்கும் இ-யின் உயரம் 104. கோட்டில் எந்த இடத்தில் அடுக்கு அதே 104-இல் இருக்கும்? 150-லிருந்து 104-க்கு 46 மீட்டர் இறங்க வேண்டும். 56-இல் 46 என்றால் கோட்டின் நீளத்தில் 0.82 பங்கு. அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையே 412 மீட்டர் இருப்பதால், அ-விலிருந்து சுமார் 339 மீட்டரில் ஒரு புள்ளி வைக்க வேண்டும்.

இப்போது அந்தப் புள்ளியிலும் இ-யிலும் அடுக்கு ஒரே உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு கோடு போட்டால் அதுதான் ஸ்ட்ரைக். பாகைமானியை வைத்துப் பார்த்தால் 146 டிகிரி வரும். மறுமுனையிலிருந்து பார்த்தால் 326. இரண்டும் ஒரே கோடுதான்.

அடுத்து டிப். அ-விலிருந்து அந்த ஸ்ட்ரைக் கோட்டுக்கு ஒரு செங்குத்துக் கோடு இறக்கினால் அதன் நீளம் 319 மீட்டர். அந்தத் தூரத்தில் அடுக்கு 46 மீட்டர் இறங்குகிறது. 46-ஐ 319-ஆல் வகுத்தால் 0.144. அதற்குரிய கோணம் 8.2 டிகிரி. செங்குத்துக் கோடு அ-விலிருந்து போகும் திசை 56 டிகிரி, ஏறக்குறைய வடகிழக்கு. வேலை முடிந்தது.

இதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கலாம். அ-விலிருந்து ஆ-வை நோக்கிப் போனால் சாய்வு 7.7 டிகிரி. அ-விலிருந்து இ-யை நோக்கி 6.9 டிகிரி. இரண்டுமே 8.2-ஐ விடக் குறைவு. இரண்டு துளைகளை மட்டும் வைத்துப் பார்க்கும் சாய்வு தோற்றச் சாய்வுதான். அது உண்மையான டிப்புக்குச் சமமாக இருக்கலாம், குறைவாக இருக்கலாம், ஒருபோதும் அதை மீறாது. கணக்கில் வந்த டிப் எந்த இரு துளைகளுக்கும் இடையேயான சாய்வை விடவாவது சிறியதாக இருந்தால், எங்கோ கூட்டல் கழித்தலில் கை வழுக்கியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

கணினியில் போடுபவர்களுக்கு வரைபடம் தேவையில்லை. அடுக்கை `z = z0 + p*x + q*y` என்ற தளமாக எடுத்துக்கொண்டால், கிழக்கே ஒரு மீட்டர் போனால் உயரம் எவ்வளவு மாறும் என்பது p, வடக்கே ஒரு மீட்டருக்கு எவ்வளவு என்பது q.

```python
from math import atan, atan2, hypot, degrees

A = (0, 0, 150)
B = (400, 100, 94)
C = (150, 350, 104)

x1, y1, z1 = (B[i] - A[i] for i in range(3))
x2, y2, z2 = (C[i] - A[i] for i in range(3))

det = x1*y2 - x2*y1
p = (z1*y2 - z2*y1) / det
q = (x1*z2 - x2*z1) / det

dip = degrees(atan(hypot(p, q)))
dipdir = degrees(atan2(-p, -q)) % 360
strike = (dipdir - 90) % 360
print(dip, dipdir, strike)
```

p-க்கு -0.12, q-வுக்கு -0.08 வரும். டிப் 8.2, திசை 56.3, ஸ்ட்ரைக் 326.3. கடைசி வரியில் 90 கழித்திருப்பது வலக்கை விதிக்காக: ஸ்ட்ரைக் திசையைப் பார்த்து நின்றால் அடுக்கு வலப்பக்கம் இறங்க வேண்டும். 146, 326 இரண்டில் எதை எழுதுவது என்ற குழப்பம் இதனால் தீர்ந்துவிடும்.

`atan2`-க்குள் இருக்கும் இரண்டு கழித்தல் குறிகளை விட்டுவிட்டால் அடுக்கு ஏறும் திசை வந்துவிடும், 236 டிகிரி. இதே கணக்கை எக்செலில் போடுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. எக்செலின் `ATAN2` உள்ளீடுகளை நேர்மாறான வரிசையில் கேட்கும். அங்கே முதலில் -q, பிறகு -p. வரிசை மாறினால் 56-க்குப் பதில் 34 வரும். அதுவும் பார்ப்பதற்கு நல்ல பிள்ளை மாதிரிதான் இருக்கும். தாளில் ஒரு முறை வரைந்து வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். வரைபடத்தில் அம்பு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாலே இந்தத் தவறுகள் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

நிரலில் `det` என்று ஒரு எண் இருக்கிறதே, அதை எல்லோரும் வகுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். மூன்று துளைகளும் சேர்ந்து வரைபடத்தில் உண்டாக்கும் முக்கோணத்தின் பரப்பில் சரியாக இரண்டு மடங்கு அது. நம் முக்கோணத்தில் 1,25,000 வருகிறது. விடையை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான முதல் துப்பு இதில்தான் இருக்கிறது.

ஏன் என்று பார்க்க, இ துளையை வேறிடத்துக்கு நகர்த்துவோம். கிழக்கே 210, வடக்கே 60. பாதையோரமாகவே துளையிடும் ரிக்கை நிறுத்தி வரிசையாகத் துளை போடுகிற இடங்களில் இப்படித்தான் அமையும். அதே அடுக்கு அங்கே 120 மீட்டரில் இருக்கும். இந்த மூன்றையும் போட்டால் அச்சு பிசகாமல் அதே விடை வரும்: 8.2 டிகிரி, 56 டிகிரி. தேற்றப்படி எந்தக் குறையும் இல்லை. ஆனால் `det` 3,000-க்கு இறங்கிவிட்டது. மூன்று துளைகளும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நிற்கின்றன. அ, ஆ இரண்டையும் சேர்க்கும் கோட்டிலிருந்து இ வெறும் 7.3 மீட்டர் மட்டுமே விலகியிருக்கிறது.

இப்போது இ-யில் நிலக்கரியின் மேல்விளிம்பைக் குறித்ததில் 2 மீட்டர் பிசகு என்று வைத்துக்கொள்வோம். இது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. நிலக்கரி எளிதில் நொறுங்கும். 3 மீட்டர் துளைத்து வெளியே எடுத்தால், கோர் எனப்படும் உருளைப் பாறை மாதிரி 2 மீட்டர்தான் வந்திருக்கும். காணாமல் போன ஒரு மீட்டர் மேலே இருந்ததா, கீழே இருந்ததா என்பதைப் பதிவு எழுதுபவர் ஊகித்துத்தான் எழுத வேண்டும். துளைப்பவர் கம்பிகளை எண்ணிச் சொல்லும் ஆழமும், பிறகு கேபிளில் கருவியை இறக்கி அளக்கும் ஆழமும் ஒத்துப்போகாமல் இருப்பதும் சாதாரணம்.

120-க்குப் பதில் 118 என்று போட்டால் டிப் 19 டிகிரி, திசை 9 டிகிரி. அதாவது அடுக்கு வடக்கே அதிகச் சரிவோடு இறங்குவது போலத் தெரிகிறது. 122 என்று போட்டால் டிப் 15 டிகிரி, திசை 135, அதாவது தென்கிழக்கு. மேலும் கீழும் 2 மீட்டர் மாறியதற்கு அடுக்கு வடக்கிலிருந்து தென்கிழக்குக்குத் திரும்பிவிட்டது! அதே 2 மீட்டர் பிசகை நம் முதல் முக்கோணத்தில் இ-யில் கீழே தள்ளிப் பார்த்தால் டிப் 8.3, திசை 54. ஏறக்குறைய ஒன்றுமே ஆகவில்லை.

காரணம் எளிது. அ, ஆ வரிசையின் நெடுக அடுக்கு எப்படிச் சாய்கிறது என்பது அந்த இரு துளைகளாலேயே நன்றாகத் தெரிந்துவிடுகிறது. அதற்குக் குறுக்கே எப்படிச் சாய்கிறது என்பதைச் சொல்ல இ ஒன்றுதான் இருக்கிறது. அது கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ அந்தத் தூரத்தால் பிசகு வகுபடும். முதல் முக்கோணத்தில் விலகல் 303 மீட்டர். 2-ஐ 303-ஆல் வகுத்தால் 0.0066, கோணத்தில் அரை டிகிரிகூட இல்லை. ஒல்லியான முக்கோணத்தில் 2-ஐ 7.3-ஆல் வகுக்கிறோம். அது 15 டிகிரிச் சாய்வு. அடுக்குக்கு இருக்கும் உண்மையான டிப்பைவிடப் பிசகு பெரிது. இந்த வகுத்தலைத் துளை போடுமுன்பே வரைபடத்தை வைத்துச் செய்துவிடலாம். எத்தனை மீட்டர் பிசகு வரக்கூடும், எத்தனை மீட்டர் விலகல் கிடைக்கிறது என்ற இரண்டே எண்கள் போதும்.

அடுக்கு மிகவும் படுத்துக் கிடந்தால் நல்ல முக்கோணம்கூட முழுக்கக் காப்பாற்றாது. டிப் ஒரே ஒரு டிகிரி என்றால் சாய்வு விகிதம் 0.0175. அதன் மேல் நம் முதல் முக்கோணத்தின் சிறிய பிசகான 0.0066 ஏறினால் டிப் கொஞ்சம்தான் மாறும். திசை மட்டும் 20 டிகிரி வரை திரும்பலாம். படுத்த அடுக்குக்கு ஸ்ட்ரைக்கை ஒரு டிகிரி துல்லியத்தில் எழுதியிருக்கும் அறிக்கையைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

துளை நேராக இறங்காமல் கோணலாகப் போவதும் உண்டு. 127 மீட்டர் துளை சராசரியாக 3 டிகிரி சாய்ந்தால் செங்குத்து ஆழத்தில் குறைவது 20 சென்டிமீட்டருக்கும் கீழே. ஆனால் அடுக்கைத் தொடும் இடம் துளைவாய்க்கு நேர் கீழே இல்லாமல் 6.6 மீட்டர் தள்ளிப் போய்விடும். நம் அடுக்கில் அது அதிகபட்சம் ஒரு மீட்டர் உயரப் பிசகாகும். 45 டிகிரி சாய்ந்த அடுக்கில் அதே விலகல் 6.6 மீட்டர் பிசகு. செங்குத்தான அடுக்குகளில் துளையின் விலகல் அளவு இல்லாமல் கணக்குப் போடுவதில் பொருளில்லை.

இதுவரை சொன்னது அளவுப் பிசகு. அடுக்கே தளமாக இல்லாவிட்டால்? இங்கேதான் மூன்று துளையின் பெரிய பலவீனம். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. தரை கோணலாக இருப்பதை நாற்காலிதான் ஆடிக் காட்டும். மூன்று புள்ளி வழியாக எப்போதும் ஒரு தளம் மிச்சமில்லாமல் பொருந்திவிடும். இடையில் பிளவுப்பெயர்ச்சி இருந்தாலும் பொருந்தும், அடுக்கு மடிந்திருந்தாலும் பொருந்தும், ஒரு துளையில் வேறு நிலக்கரி அடுக்கைத் தவறாக எடுத்திருந்தாலும் பொருந்தும். பொருத்தத்தை அளக்கும் R² = 1 என்று வந்ததைக் காட்டி "அருமையான பொருத்தம் சார்" என்று சொன்ன இளைஞர் ஒருவரை எனக்குத் தெரியும். மூன்று புள்ளிக்கு அதைத் தவிர வேறு எண் வரவே வராது.

அதனால் நான்காவது துளை. கிழக்கே 300, வடக்கே 400-இல் ஈ என்று ஒன்று போடுகிறோம். துளைவாய் 220 மீட்டர். தளத்தின் சமன்பாட்டில் போட்டால் அடுக்கு 82-இல் இருக்க வேண்டும், அதாவது 138 மீட்டர் ஆழத்தில். இந்த எண்ணைத் துளை தொடங்குமுன் எழுதி வைத்துவிடுவது நல்லது. பிறகு வந்ததைப் பார்த்துவிட்டு "ஏறக்குறைய அதேதான்" என்று மழுப்ப முடியாது. வந்தது 153 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். அடுக்கு 67-இல் இருக்கிறது. எதிர்பார்த்ததை விட 15 மீட்டர் கீழே. கோர் தொலைந்ததைச் சொல்லி இதைச் சமாளிக்க முடியாது.

நான்கு துளை இருந்தால் மும்மூன்றாக நான்கு முக்கோணம் எடுக்கலாம். நான்கிலும் தனித்தனியாகக் கணக்குப் போட்டால் டிப் 8, 9, 13, 14 என்றும், திசை 56, 41, 83, 52 என்றும் வரும். தளம் ஒன்றுதான் என்றால் இவை ஒத்துப்போயிருக்க வேண்டும். இந்த நான்கையும் சராசரி எடுத்து ஒரே எண்ணாக எழுதிவிடலாமே என்ற ஆசை வரும். அப்படிச் செய்தால் ஈ துளை போட்ட செலவே வீண். அது கொண்டுவந்த செய்தி இந்த முரண்பாடுதான்.

காரணத்தைத் தேட இன்னொரு அடையாள அடுக்கு உதவும். நிலக்கரிக்கு மேலே ஒரு மெல்லிய சுண்ணாம்புக்கல் பட்டை இருக்கிறது என்று வையுங்கள். அ, ஆ, இ மூன்றிலும் அதற்கும் நிலக்கரிக்கும் இடைவெளி 24 மீட்டர். ஈ-யில் அந்த இடைவெளி 39 என்றால், சுண்ணாம்புக்கல் எதிர்பார்த்த இடத்தில் இருந்து நிலக்கரி மட்டும் 15 மீட்டர் இறங்கியிருக்கிறது. அனேகமாக நாம் தேடிய அடுக்கு கோரில் நொறுங்கிப் போய், அதற்கு அடியிலிருந்த வேறொரு நிலக்கரியைப் பிடித்திருக்கிறோம். துளைக்குள் கருவியை இறக்கி எடுத்த காமா பதிவும் அடர்த்திப் பதிவும் இருந்தால் இதை அங்கேயே சரிபார்க்கலாம். களிப்பாறைக்கு நடுவே நிலக்கரி வரும் இடத்தில் இரண்டு கோடும் சட்டென்று விழும். 138 மீட்டர் பக்கத்தில் அப்படி ஒரு வீழ்ச்சி இருந்தால் விஷயம் முடிந்தது, தளம் பிழைத்துவிட்டது.

இடைவெளி ஈ-யிலும் அதே 24 என்றால் அடுக்கை அடையாளம் கண்டதில் தவறில்லை. சுண்ணாம்புக்கல்லும் நிலக்கரியும் சேர்ந்தே 15 மீட்டர் இறங்கியிருக்கின்றன. ஒன்று, நடுவில் ஒரு பிளவுப்பெயர்ச்சி ஓடுகிறது. அல்லது அடுக்கு போகப்போக வளைந்து டிப் கூடுகிறது. இந்த இரண்டையும் இரண்டாவது அடையாள அடுக்கால் பிரித்துச் சொல்ல முடியாது. பிளவு துளைகளுக்கு இடையே ஓடினால், அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் எல்லா அடுக்கும் ஒரே அளவில் இறங்கும். சுண்ணாம்புக்கல்லை வைத்துப் போட்ட டிப்பும் நிலக்கரியை வைத்துப் போட்ட டிப்பும் இரண்டும் ஒன்றையொன்று ஒத்துப்போகும், இரண்டும் சேர்ந்தே தப்பாகவும் இருக்கும். "இரண்டு அடுக்கில் சரிபார்த்துவிட்டோம்" என்று சொல்லி நிம்மதியாக இருப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

அதைப் பிரித்தறிய ஐந்தாவது துளை வேண்டும். இ-க்கும் ஈ-க்கும் நடுவே, கிழக்கே 225, வடக்கே 375-இல் போட்டால் பழைய தளத்தின்படி அடுக்கு 93-இல் வர வேண்டும். 93-ஐ ஒட்டியோ, அதற்கு 15 மீட்டர் கீழே 78-ஐ ஒட்டியோ வந்தால் பிளவின் எந்தப் பக்கம் இந்தத் துளை விழுந்தது என்பது தெரிந்துவிடும். அப்போது டிப்பும் ஸ்ட்ரைக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக, அந்தந்தப் பக்கத்துத் துளைகளை மட்டும் வைத்துப் போட வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் உயரத்தில் வந்தால் வளைவு என்று பக்கம் சாய்வேன். ஆனால் கோரில் அந்த ஆழத்தையொட்டி நொறுங்கிய பாறையும் வழவழப்பாகத் தேய்ந்த முகங்களும் இருக்கின்றனவா என்று பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் அதையும் அறிக்கையில் எழுதுவேன்.